அச்சிலிருந்து கணினிக்கு: கூட்டுத்தொகை காட்டும் பிழை

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாநகர சபைப் பகுதி இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளில் அடங்குகிறது. கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரிவிலும், வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரிவிலும் உள்ளன. கொழும்புப் பிரிவின் சனத்தொகை 323,257, திம்பிரிகஸ்யாயப் பிரிவின் சனத்தொகை 238,057, மொத்தம் 561,314. இவ்வாறான எண்கள் அட்டவணையாக அச்சான பக்கமொன்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அட்டவணையை மீட்கும்போது என்ன நேரும் என்பதை இந்த மூன்று எண்களைக் கொண்டே விளக்கலாம்.

முதல் வேலை படத்தை நேராக்குவது. சாய்வாக எடுத்த படத்தில் அட்டவணை ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். அதன் நான்கு மூலைகளையும் குறித்துச் செவ்வகமாக விரித்த பின்பே நிரல்கள் செங்குத்தாக நிற்கும். புத்தகத்தின் நடுமடிப்பில் தாள் வளைந்திருந்தால் மூலைகளை மட்டும் சரிசெய்வது போதாது. பக்கத்தை அழுத்திப் பிடித்து மீண்டும் படமெடுப்பதே நல்லது.

அடுத்தது கலங்களைப் பிரிப்பது. கோடு போட்ட அட்டவணையில் கோடுகளே எல்லை. கோடில்லாத அட்டவணையில் மேலிருந்து கீழ்வரை மை படாத வெள்ளை இடைவெளிகளே நிரல்களைப் பிரிக்கும். பிரிவின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று வரிகளில் அச்சாகியிருந்தால் மென்பொருள் அதை மூன்று நிரைகளாக எண்ணிவிடும். ஆகவே எண் உள்ள நிரலை வைத்தே நிரைகளைக் கணக்கிட வேண்டும்.

பிரித்த கலங்களை ஒவ்வொன்றாக வாசிக்க வைப்பது முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகக் கொடுப்பதைவிடப் பாதுகாப்பானது. டெசராக்ட் மென்பொருளுக்கு எண் கலமொன்றை இப்படிக் கொடுக்கலாம்:

```
tesseract cell.png stdout --psm 7 -c tessedit_char_whitelist=0123456789,
```

இக்கட்டளை கலத்தை ஒற்றை வரியாக எடுத்து, இலக்கங்களையும் காற்புள்ளியையும் மட்டுமே ஏற்கும். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. வெற்றுக் கலத்தில் உள்ள சிறுகோடோ கறையோ 1 ஆக மாறிவிடலாம்.

இனிப் பிழை தேடல். 323,257 என்பது 328,257 என வாசிக்கப்பட்டதாகக் கொள்வோம். இரண்டு பிரிவுகளையும் கூட்டினால் 566,314 வரும். வாசிக்கப்பட்ட மொத்தத்தைவிட இது 5,000 கூட. பிழை ஒன்றே என்றால் அது ஆயிரத்தின் இடத்தில் இருக்கிறது. வித்தியாசம் 5 என்பதால் 3ஐ 8 என வாசித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் திம்பிரிகஸ்யாயவின் எண்ணிலும் அதே இடத்தில் 8 இருக்கிறது. மொத்தத்திலுள்ள 1, உண்மையில் 6 ஆகவும் இருக்கலாம். ஆகச் சந்தேகம் மூன்று இலக்கங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. படத்தைப் பெருப்பித்து அந்த மூன்றை மட்டும் பார்த்தால் போதும். ஆண், பெண் எண்ணிக்கை தனி நிரல்களில் இருந்தால், அவற்றின் கூட்டுத்தொகை பொருந்தாத நிரையே பிழையுள்ள நிரை.

கூட்டுத்தொகை பொருந்துவதால் மட்டும் எல்லாம் சரியென்று ஆகாது. ஒரு கலத்தில் 5,000 கூடி இன்னொன்றில் 5,000 குறைந்தால் மொத்தம் மாறாது. வீத நிரல்கள் கிட்டிய தசமத்துக்கு மட்டம் தட்டப்படுவதால் 100.1 வருவதும் பிழையல்ல. கழித்துப் பார்த்து வந்த எண்ணை அப்படியே கலத்தில் இடுவதும் தவறு. அச்சிலேயே பிழை இருந்தால் அது மறைந்துபோகும். படத்தில் கண்ணால் கண்ட எண்ணையே எழுத வேண்டும். திருத்திய கலத்துக்கு அருகே முதலில் வாசிக்கப்பட்ட எண்ணையும் வைத்திருந்தால், பின்னர் பயன்படுத்துபவர் அதைத் தாமே சரிபார்க்கலாம்.