நண்பரே, கல்யாணம் எப்போது நடந்தது?

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் ஊரில் இருக்கும் மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொள்ள, முதலில் ஐ-130 என்ற மனுவைப் போட வேண்டும். கல்யாணம் நடந்தது என்பதற்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. அது கிரீன் கார்டுக்காக நடந்த கல்யாணம் அல்ல என்பதற்குத்தான் தனியாக ஆதாரம் தேட வேண்டியிருக்கிறது. இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், ஜாயின்ட் அக்கவுண்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று மனுவோடு வரும் விளக்கக் குறிப்பு ஒரு பட்டியல் போடுகிறது. கல்யாணமான கையோடு மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டால் இவற்றில் எது இருக்கும்? அதே பட்டியலில் இன்னொன்றும் உண்டு. இவர்களின் உறவை நேரடியாக அறிந்த மூன்றாம் நபர் தரும் அஃபிடவிட். அதற்காகத்தான் ஒருநாள் நண்பனுக்குப் போன் வருகிறது: "டேய், எங்களுக்காக ஒரு லெட்டர் எழுதிக் குடுடா."

நண்பன் முதலில் பயப்படுவது பணத்துக்கு. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு அந்தப் பெண்ணின் செலவுக்கு நாம் பொறுப்பாகிவிடுவோமோ என்று. ஆக மாட்டோம். வருமானத்தைக் காட்டிப் பொறுப்பேற்பது ஐ-864 என்ற வேறு படிவம். அது மனு போடுபவரின் தலையில்தான் முதலில் விழும். நண்பனின் கடிதத்தில் இருப்பது உண்மைக்கான பொறுப்பு மட்டும். அதுவே சின்னதில்லை. பொய்யான திருமணத்தால் குடியேற்றச் சட்டத்தை ஏமாற்றினால் ஐந்தாண்டு வரை சிறை, 250,000 டாலர் வரை அபராதம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. தெரிந்தே பொய் எழுதிக்கொடுத்தவரும் தப்ப முடியாது.

என்ன எழுதுவது? பலர் எழுதுவது இப்படித்தான்: "இருவரும் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் மிகவும் நேசிக்கிறார்கள். நூறாண்டு வாழ்வார்கள் என்று நம்புகிறேன்." வாழ்த்து மடலுக்கு இது போதும். கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு இதில் ஒரு சாட்சியமும் இல்லை. விளக்கக் குறிப்பு கேட்பவை வேறு: எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த ஊர், அதற்குப்பின், இந்தத் திருமணத்தைப் பற்றித் தமக்கு எப்படித் தெரியும் என்ற முழு விவரம். கடிதத்தின் உயிர் அந்த "எப்படித் தெரியும்" என்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு இவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்பதைவிட, கல்யாணம் செய்துகொண்ட அந்த நேரத்தில் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. பார்க் என்பவரின் வழக்கில் 1975-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இந்த அளவுகோலைச் சொன்னது. ஆகவே கல்யாணத்துக்கு முன்பும் அதை ஒட்டியும் நண்பன் கண்டது, கேட்டது எல்லாவற்றுக்கும் எடை அதிகம்.

நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கும் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்கு நியூ ஜெர்சியில் வேலை, பெண்ணுக்குக் கோவை. வீட்டார் பார்த்த சம்பந்தம். விசா தாமதமாகும் என்பதால் 2023 மே மாதம் ரிஜிஸ்டர் மேரேஜை முடித்துவிட்டு அவர் திரும்புகிறார். ஜூனில் மனு போகிறது. முகூர்த்தம், மண்டபம், சொந்தபந்தம் எல்லாம் டிசம்பரில். பதிவுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் பெண் தன் அம்மா வீட்டில்தான் இருந்தாள். நமக்கு இதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பழக்கம் தெரியாத அதிகாரிக்கு, கல்யாணம் செய்தும் ஒருநாள்கூடச் சேர்ந்து வாழாதவர்கள் உடனே விசாவுக்கு மனு போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். கூடுதல் ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வருகிறது.

இப்போது மாப்பிள்ளையோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த நண்பன் எழுத உட்காருகிறான். "டிசம்பரில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது" என்று தொடங்குகிறான். மனதறிந்து பொய் சொல்லவில்லை. நம் வழக்கில் கல்யாணம் என்றால் தாலி கட்டியதுதானே. ஆனால் கோப்பில் மனு ஜூனிலேயே இருக்கிறது. கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனைவி என்று சொல்லி மனுப் போட்டார்களா? மனு போடும் நாளில் சட்டப்படி கணவன் மனைவியாக இருந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. உதவ எழுதிய வரியே மனுவின் காலை வாரிவிடும்.

அவன் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி: "2019 முதல் இவனும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். 2023 தொடக்கத்தில் வீட்டார் ஒரு பெண்ணைச் சொல்லியிருப்பதாக என்னிடம் சொன்னான். அதற்குப்பின் பல நாள் இரவு ஒன்பதரைக்கு வீடியோ காலில் அவளோடு பேசுவான்; கோவையில் அப்போது காலை ஏழு. மே மாதம் ஊருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தான். எங்கள் சமூகத்தில் சடங்குத் திருமணம் முடியும்வரை பெண் பிறந்த வீட்டில் இருப்பது வழக்கம் என்பதால், டிசம்பரில் அது முடிந்த பிறகே சேர்ந்து இருப்போம் என்று அப்போதே சொன்னான். பதிவுக்கோ டிசம்பர் விழாவுக்கோ நான் போகவில்லை. டிசம்பரில் அவனை நுவார்க் விமான நிலையத்தில் இறக்கிவிட்டது நான்தான். அவள் வந்ததும் இருக்க, தனி வீடு பார்க்க இருவரும் என்னிடம் யோசனை கேட்டார்கள்."

இதில் காதல், நேசம் என்ற சொல்லே இல்லை. போகாத கல்யாணத்துக்குப் போகவில்லை என்று எழுதியிருப்பதால்தான் மற்ற வரிகள் நம்பும்படி இருக்கின்றன. கேட்டதைக் கேட்டதாகவும் கண்டதைக் கண்டதாகவும் பிரித்திருக்கிறான். சரியான தேதி நினைவில்லாத இடத்தில் மாதத்தோடு நிறுத்திக்கொண்டான். தம்பதியிடம் தேதிகளை வாங்கி அடுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நினைவில் இருப்பதை எழுதிவிட்டு, முரண் தெரிந்தால் யாருடைய நினைவு பிசகியது என்று பேசித் தெளிந்துகொள்வதே முறை. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை மூன்று நண்பர்கள் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினால் மூன்றும் ஒரே கோப்பில்தான் அருகருகே உட்காரும் என்பதையும் மறக்கக் கூடாது.

மற்றவை சில்லறை வேலைகள். நோட்டரி முன் சத்தியம் செய்து கையெழுத்திடலாம். அது முடியாவிட்டால், பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு இது உண்மையென உறுதிகூறுகிறேன் என்ற வாசகத்தைத் தேதியுடன் சேர்த்துக் கையெழுத்திட்டாலும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் ஏற்கும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எழுதுபவர் அதில் "அமெரிக்கச் சட்டப்படி" என்பதையும் சேர்க்க வேண்டும். எழுதுபவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று விளக்கக் குறிப்பு கேட்கவில்லை. பெரியம்மா தமிழில் எழுதித் தந்தாலும் செல்லும். முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், தமக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்ற மொழிபெயர்ப்பாளரின் சான்றும் இணைக்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

கடிதத்தின் நகல் ஒன்றை நண்பன் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. கல்யாணமாகி இரண்டு ஆண்டு முடியுமுன் அமெரிக்கா வந்து சேரும் மனைவிக்கு, இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது காலாவதியாகும் முன்னான 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 என்ற மனுவைப் போட வேண்டும். அப்போதும் அஃபிடவிட் தேவைப்படும். அந்த நண்பனுக்கே மறுபடி போன் வரலாம். இரண்டாவது கடிதத்தை எழுதுமுன் முதல் கடிதத்தில் என்ன சொன்னோம் என்று அவன் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ளட்டும். அதிகாரியிடம் இரண்டுமே இருக்கும்.