‘ரத்து’ என்று எழுதாதீர்கள்

ஒரு நாட்டியப் பள்ளி தன் ஆண்டு விழாவுக்கு ஆவணியில் ஒரு முகூர்த்த ஞாயிறன்று கல்யாண மண்டபம் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை 1,00,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000. ஆனி மாதத்தில்தான் தெரிகிறது, அன்று பிள்ளைகளுக்குத் தேர்வு. மண்டபத்துக்குக் கடிதம் எழுத வேண்டும்.

பெரும்பாலோர் முதல் வரியிலேயே, “எங்கள் நிகழ்ச்சியை ரத்து செய்கிறோம், முன்பணத்தை வேறு தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் பணம் போகிறது. பல மண்டபங்களின் ரசீதில், ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று அச்சடித்திருக்கும். நாமே ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த விதியை நாமே எடுத்துக் கொடுத்தது போலாகும்.

பள்ளி இப்படி எழுதலாம்: “முன்பணம் 40,000 ரூபாய் செலுத்திய பதிவை (ரசீது இணைப்பில்) புரட்டாசியில் ஏதேனும் ஒரு சனிக்கிழமைக்கு மாற்றித் தர வேண்டுகிறோம். புதிய தேதியையும், முன்பணம் அதன் வாடகையில் கழிக்கப்படும் என்பதையும் எழுத்தில் உறுதி செய்தவுடன் ஆவணித் தேதியை விட்டுத்தருகிறோம். அதுவரை பழைய பதிவு தொடரும்.”

இந்தக் கடைசி வாக்கியம்தான் உயிர். தேதியை முதலில் விட்டுவிட்டால், பிறகு பேரம் பேச நம் கையில் ஒன்றும் மிஞ்சாது.

புரட்டாசியைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. அந்த மாதத்தில் பலர் திருமணம் வைப்பதில்லை. மண்டபங்கள் வெறுமனே கிடக்கும். ஆவணி முகூர்த்த நாளையோ, இரண்டு மாதம் முன்பே திரும்பக் கொடுத்தால், வேறொரு கல்யாண வீட்டாருக்கு விட்டுவிடலாம். ஆக, மேனேஜருக்கு இரண்டு நாள் வருமானம். இதைக் கடிதத்தில் ஒரே வரியில் நயமாகச் சொன்னால் போதும். விழாவுக்குப் பத்து நாள் முன்பு போய் இதையே கேட்டால் எடுபடாது. அவருக்கு அந்த நாள் காலியாகவே போய்விடும், அவர் மறுப்பதும் நியாயமே. அப்போது சிறு தொகையை ஈடாகத் தர முன்வருவது நேர்மையான வழி.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 62-ஆம் பிரிவின்படி, இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை மாற்றினால் பழையதை நிறைவேற்றத் தேவையில்லை. ஆனால், சம்மதம் இரு பக்கமும் வேண்டும். தேதியை மாற்றித் தரும்படி மண்டபத்தைக் கட்டாயப்படுத்த இந்தப் பிரிவு உதவாது.

போனில் “சரி சார், பார்த்துக்கலாம்” என்று மேனேஜர் சொன்னாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது. நாளை அவர் வேலையை விட்டுப் போகலாம். பழைய ரசீதின் மேலேயே புதிய தேதியை எழுதி, முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.