கேம் பெட்டிக்குள் குடியேறும் பல்லி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், எங்கள் வீட்டு கேம் கன்சோல் எத்தனை முறை அழுத்தியும் ஆன் ஆகவில்லை. பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றினார். பவர் சப்ளை பலகையில் ஒரு குட்டிப் பல்லி கருகி ஒட்டிக் கிடந்தது. மின்விசிறி ஓரத்தில் பட்டாணி அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள். "வெளியே மழை, உள்ளே கதகதப்பு. அது வேறெங்கே சார் போகும்?" என்றார்.

நாங்கள் கன்சோலை முழுதாக அணைப்பதே இல்லை. இரவெல்லாம் ரெஸ்ட் மோடில்தான் இருக்கும். அதனால் உள்ளே இளஞ்சூடு இருந்துகொண்டே இருக்கும். டிவி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பிறகு கதகதப்பான இடுக்கு பார்த்துத் தங்கிவிடும். பவர் சப்ளைக்குள் 300 வோல்ட்டைத் தாண்டும் இடங்கள் உண்டு. அங்கே இரண்டு முனைகளைப் பல்லியின் உடல் தொட்டால் ஷார்ட்தான். எனவே விளையாடி முடித்ததும் முழுமையாக ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். சூடு இல்லையென்றால் பாதி ஈர்ப்பு போய்விடும்.

அடுத்தது வலை. சுமார் 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள கொசுவலை பல்லியையும் கரப்பானையும் தடுக்கும். ஆனால் அதைக் காற்றுத் துளையின் மேலேயே ஒட்டக் கூடாது. தூசி அடைத்துக் கன்சோல் சூடேறும். கன்சோலைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட்டு, சட்டத்தில் வலை அடித்துக் கூண்டுபோல் வையுங்கள். வலையின் பரப்பு பெரிதாக இருப்பதால் காற்று தடைபடாது. இரு வாரத்துக்கு ஒருமுறை வலையைக் கழுவுங்கள். மின்விசிறி வழக்கத்தைவிட இரைந்தால் வலை அடைத்திருக்கிறது என்று பொருள்.

எறும்புக்கு இந்த வலை போதாது. அது ஒயர் வழியாகவே ஏறி வரும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் அடாப்டர் போலத் துளையும் மின்விசிறியும் உள்ளவற்றில் சுலபமாக நுழைந்துவிடும். அடாப்டரைத் தரையில் போடாமல் உயர்த்தி வைத்து, ஒயரில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். புற்றையே ஒழிக்க, ஒரு கப் வெந்நீரில் 8 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் போரிக் ஆசிட் தூளும் கரைத்துப் பஞ்சில் நனைத்து வையுங்கள். கன்சோலுக்கு அருகில் அல்ல, எறும்புச் சாரை தொடங்கும் இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாதபடி. சாகச் சில நாள் ஆகும். அதற்குள் எறும்புகள் அதைப் புற்றுக்குக் கொண்டுபோய்விடும்.

பூச்சி ஸ்பிரேயைத் துளைக்குள் அடிக்காதீர்கள். அதில் உள்ள வாயு தீப்பற்றும். துளை ஓரத்தில் மிளகுத்தூள் போன்ற எச்சமோ கருகிய வாடையோ தெரிந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளையை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.