துவைத்த பிறகு கேளுங்கள்

தைத்த பிளவுஸைக் கவரில் போட்டுக் கொடுக்கும்போது “எல்லாம் சரியா இருக்காம்மா?” என்று கேட்டால், “சரியா இருக்குக்கா” என்றுதான் பதில் வரும். அந்தப் பெண் அதை இன்னும் போட்டே பார்க்கவில்லை. வீட்டில் அடுப்பில் ஏதோ இருக்கிறது, வாசலில் ஆட்டோ நிற்கிறது. பெரும்பாலான சிறு கடைகளில் வாடிக்கையாளரின் கருத்து இந்த ஒரு நிமிடத்தில்தான் கேட்கப்படுகிறது. அதனால்தான் அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை.

வாடிக்கையாளரிடம் கேட்பது எப்படி, கேட்டதை வைத்து என்ன செய்வது என்பதை ஒரு தையல் கடையை வைத்தே பார்ப்போம். சிறு நகரம், இரண்டு மெஷின், தைப்பவர் ஓர் அக்கா, கூடமாட ஒரு பெண், நோட்டுப் புத்தகத்தில் ஆர்டர் கணக்கு. இப்படி ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். இங்கே வரும் எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை. நடப்பவையெல்லாம் எந்தத் தையல் கடையிலும் நடப்பவைதான்.

முதலில், எப்போது கேட்பது? பிளவுஸின் குறை, போட்டு, கையைத் தூக்கி, ஒருமுறை துவைத்த பிறகுதான் தெரியும். ஆகவே அடுத்த துணியோடு அவர் மறுபடி வரும் நாள்தான் கேட்க ஏற்ற நாள். அளவு எடுக்கும் வேளையில் அவர் எப்படியும் இரண்டு நிமிடம் நின்றுதான் ஆக வேண்டும். திரும்பி வரத் தாமதமாகும் ஆட்களுக்கு, கொடுத்து மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும்.

கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். “போன தடவை தைச்சத எத்தனை தடவை போட்டீங்க?” என்பது முதல் கேள்வி. இது கருத்துக் கேட்கவில்லை, நடந்ததைக் கேட்கிறது. “ஒரு தடவைதான் போட்டேன்” என்று ஒருவர் சொன்னால், அதற்கு மேல் அவர் “நல்லாத்தான் இருக்கு” என்று எத்தனை முறை சொன்னாலும் ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, “போட்டப்ப எந்த இடத்துல சரியா உட்காரல?” “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் நம் ஊரில் மரியாதைக்காகவாவது “நல்லா இருந்துச்சு” என்பார்கள். எந்த இடம் என்று கேட்கும்போது, குறை சொல்லலாம் என்ற அனுமதி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கையை வைத்தே தோளையோ கக்கத்தையோ காட்டிவிடுவார்கள். மூன்றாவது, “எங்ககிட்ட கொடுத்து வாங்குறதுல என்ன சிரமம்?” தேதி, காத்திருப்பு, கூலி எல்லாம் இதில் வந்துவிடும்.

ஒரே கேள்வியில் இரண்டைச் சேர்க்கக் கூடாது. “தையலும் டெலிவரியும் திருப்தியா?” என்றால் “ம்” என்ற பதில் எதற்கு என்று யாருக்குத் தெரியும்? பெரிய நிறுவனங்கள் “எங்களை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10-க்குள் மதிப்பெண் கொடுங்கள்” என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். 2003-இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் ஒரு கட்டுரை எழுதிப் பரப்பிய முறை அது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில், மதிப்பெண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அது பயன்படும். தையல் கடைக்கு ‘7’ என்று ஒரு பதில் வந்தால், அதை வைத்துக் கத்தரியை எங்கே நகர்த்துவது?

இனி எழுதிக்கொள்வது. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வாடிக்கையாளர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டும். “கை ஏறல” என்று ஒருவர் சொன்னால் நோட்டிலும் “கை ஏறல” என்றே இருக்கட்டும். அதை உடனே “அளவு தப்பு” என்று மாற்றி எழுதினால், காரணத்தை நாமே முடிவு செய்துவிட்டோம் என்று ஆகும். ஆளுக்கு ஒரு வரி. பக்கத்தில் ஆர்டர் எண். “ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு” என்றவர்களுக்கும் ஒரு வரி உண்டு. அவர்களை விட்டுவிட்டால் எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கணக்கே வராது. ஒரே ஆள் மூன்று தடவை வந்து ஒன்றையே சொன்னாலும் அது ஒரு கோடுதான்.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? பத்தில் ஒருவருக்கு ஒரு குறை இருக்கிறது, அவர்கள் கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டால், 30 பேரிடம் கேட்கும்போது அது ஒருமுறையாவது காதில் விழ 95 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஆகவே நம் கடைக்கு ஒரு மாதம், 40 பேர் என்று வைப்போம்.

மாதக் கடைசியில் நோட்டைத் திறந்தால், 18 பேர் குறை எதுவும் சொல்லவில்லை. 6 பேர் சொன்ன தேதியில் கிடைக்கவில்லை என்றிருக்கிறார்கள். 7 பேர் ஏழு விதமாக ஏதேதோ சொல்லியிருக்கிறார்கள். மீதி 9 பேரின் வரிகளைப் பாருங்கள்: “கை ஏறல”, “இப்ப மாட்ட முடியல”, “கக்கத்துல இழுக்குது”, “ரெண்டாவது தடவை ஊக்கு மாட்ட வரல”, “நான்தான் குண்டாயிட்டேன் போல.”

கடைசி வரியில் சற்று நிற்க வேண்டும். வாடிக்கையாளர் எப்போதும் கடையைக் குறை சொல்வதில்லை. பல சமயம் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். வார்த்தைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த ஒன்பதும் ஒன்று என்பது தெரியாமலே போயிருக்கும். அர்த்தத்தை வைத்துச் சேர்க்கும்போதுதான் ஒன்பதும் ஒரே கதையைச் சொல்கின்றன: முதலில் சரியாக இருந்தது, பிறகு இறுக்கமானது.

வழக்கமாக ஒரு கடை இதைக் கேட்டால் என்ன செய்யும்? எல்லாருக்கும் அரை அங்குலம் லூசாக வெட்டத் தொடங்கும். அடுத்த மாதம் “தொளதொளன்னு இருக்கு” என்று வேறு பேர் வருவார்கள். திரும்பத் திரும்ப வரும் குறையைக் கண்டுபிடித்தாலும் காரணம் தானாகத் தெரிந்துவிடாது. அதற்கு ஆர்டர் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த 40 பிளவுஸில் 24 லைனிங் வைத்தவை, 16 லைனிங் இல்லாதவை. இறுக்கம் என்று சொன்ன ஒன்பதும் லைனிங் வைத்தவை. லைனிங் இல்லாத பதினாறில் ஒன்றுகூட இல்லை. குறை சொன்னவர்களின் ஆர்டரை மட்டும் பார்க்காமல், சொல்லாதவர்களின் ஆர்டரையும் பார்த்ததால்தான் இது பிடிபட்டது. ஒன்பதும் லைனிங் பிளவுஸ் என்பதை மட்டும் பார்த்திருந்தால், “எல்லாரும் லைனிங்தான் வைக்கிறாங்க” என்று கடந்து போயிருப்போம்.

தைப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். நனைக்காத காட்டன் லைனிங் முதல் சலவையில் சுருங்கும். 36 அங்குல மார்புச் சுற்றில் 3 சதவீதம் சுருங்கினாலே ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். மேல்துணி அப்படியே இருக்க உள்துணி மட்டும் சுருங்கினால், இறுக்கத்தோடு மேலே சிறுசிறு சுருக்கமும் விழும். தெரிந்த விஷயம்தான், வேலை நெருக்கடியில் கைவிட்டுப் போயிருக்கிறது. மாற்ற வேண்டியது அளவை அல்ல. லைனிங்கை முந்தின நாள் ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வெட்ட வேண்டும். பக்கத் தையலில் பிரித்துவிடுவதற்குக் கொஞ்சம் துணி விட வேண்டும். வீட்டிலிருந்தே லைனிங் கொண்டுவருபவர்களிடமும் இதைச் சொல்லி, ஒரு நாள் கூடுதலாகக் கேட்க வேண்டும்.

தேதி தவறிய ஆறையும் இதே மாதிரி பார்த்தால், ஆறும் ஆரி வேலைக்கு வெளியே போய் வந்தவை. மெஷினில் வேகமாக மிதித்து இதைத் தீர்க்க முடியாது. ஆரி பிளவுஸுக்குத் தனியாக, தள்ளி ஒரு தேதி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மீதி ஏழை என்ன செய்வது? அதில் ஒருவர் கழுத்து இறக்கம் அதிகம் என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனவர். மாதம் முழுக்க அக்காவின் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். அவருடைய பிளவுஸைச் சரி செய்து கொடுக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்காக எல்லாருடைய கழுத்தையும் ஏற்றி வெட்டக் கூடாது. ஒருவர் சொன்னதை அவரோடு தீர்க்க வேண்டும். பலர் சொன்னதற்குத்தான் வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பிளவுஸுக்குள் குண்டூசி இருந்து குத்தியது என்று ஒரே ஒருவர் சொன்னாலும் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். உடம்பில் படும் ஆபத்துக்கு இரண்டாவது ஆள் சொல்லட்டும் என்று காத்திருப்பது தவறு.

கேட்பது யார் என்பதும் பதிலை மாற்றும். தைத்தவரே கேட்டால் வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பேசுவார். கூடமாட இருக்கும் பெண் அளவு டேப்போடு நின்று கேட்டால் கொஞ்சம் கூடுதலாக வரும். அதைவிட முக்கியம், பதில் வந்ததும் வாதாடாமல் இருப்பது.

“கை இறுக்கமா இருக்குக்கா.”

“அளவு பிளவுஸ் நீங்க கொடுத்ததுதானேம்மா?”

இந்த ஒரு வரியோடு அவர் இனி இந்தக் கடையில் உண்மை சொல்ல மாட்டார். “துவைக்கிறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சாம்மா?” என்று கேட்டிருந்தால் காரணத்தின் பாதி அங்கேயே கிடைத்திருக்கும்.

மாற்றிய பிறகு பலன் வந்ததா என்று பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த மாதம் வருகிறவர்கள் பேசுவது பெரும்பாலும் பழைய பிளவுஸைப் பற்றியே. குறை அப்படியே வந்துகொண்டிருக்கும். “நனைச்சும் பிரயோசனம் இல்ல” என்று மனம் தளர்ந்துவிடும். ஆகவே நனைத்து வெட்டத் தொடங்கிய நாளை ஆர்டர் நோட்டில் கோடு போட்டுக் குறித்து, அதற்குப் பின் தைத்தவற்றைத் தனியாக எண்ண வேண்டும். கேள்விகளையும் அதே வார்த்தைகளில் கேட்க வேண்டும். முன்பு லைனிங் பிளவுஸ் 24-இல் 9. புதிதாகத் தைத்த 20-இல் 1 என்று வந்தால் மாற்றம் வேலை செய்கிறது என்று நம்பலாம். ஒன்பது ஏழானால் நம்ப முடியாது. இவ்வளவு சிறிய கணக்கில் அந்த ஏற்ற இறக்கம் தானாகவே வரும். இன்னொரு மாதம் எண்ண வேண்டும்.

இந்த முறையால் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. நோட்டில் இருக்கும் பெரும்பாலோர் திரும்பி வந்தவர்கள். நிஜமாகவே மனம் வெறுத்தவர் வேறு கடைக்குப் போயிருப்பார். ஆகவே போன வருஷத்து நோட்டைப் புரட்டி, அடிக்கடி வந்து திடீரென்று நின்றுபோனவர்கள் நான்கைந்து பேரைத் தேடி எடுத்து, ஒரு மத்தியான நேரத்தில் போன் செய்யலாம். துணி கொண்டுவரச் சொல்வதற்காக அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். “கடைசியா தைச்சதுல ஏதாச்சும் சரியில்லாம இருந்துச்சாம்மா? தெரிஞ்சா திருத்திக்குவோம்.” சிலர் வீடு மாறிப் போயிருப்பார்கள். ஒருவர் கூலியைச் சொல்லலாம். இன்னொருவர், அந்த நோட்டில் யாருமே சொல்லாத ஒன்றைச் சொல்லலாம். அதையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே, தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.