ஒரு பிளாக்கை எடுத்தால் வார்டு உடையுமா?

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கிறது. கடலோரம் மீனவர் வீடுகள் நெருக்கமாக நீண்டு கிடக்கும். உள்ளே போகப் போகத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வீடுகள் சிதறிவிடும். இத்தகைய நிலத்தில் வார்டு எல்லையைத் திருத்துவது எப்படி?

ஊராட்சிகளில் ஓர் உறுப்பினருக்கு இத்தனை மக்கள் என்ற விகிதம், முடிந்தவரை எல்லா வார்டுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243சி பிரிவு. அதற்குக் கையிலிருக்கும் மிகச் சிறிய அலகு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிளாக். ஒரு கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சென்று முடிக்கும் பகுதி அது. சுமார் 650 பேர் இருப்பார்கள்.

உதாரணத்துக்கு நான்கு ஒன்றிய வார்டுகளை வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 பேர், சராசரி 5,000. பத்து சதவீத ஏற்ற இறக்கம் வரை சரி என்போம். கடலோர வார்டு 'அ'வில் 5,900 பேர், 'ஆ'வில் 5,000, 'இ'யில் 4,900, உள்நாட்டு வார்டு 'ஈ'யில் 4,200. 'அ'வில் மிகுதி, 'ஈ'யில் குறை. ஆனால் இரண்டும் அடுத்தடுத்து இல்லை. 'ஆ' நடுவில் இருக்கிறது.

ஆகவே 'அ'விலிருந்து 650 பேர் கொண்ட ஒரு பிளாக்கை 'ஆ'வுக்குத் தள்ள வேண்டும். இப்போது 'ஆ' 5,650 ஆகி வரம்பைத் தாண்டும். அதைக் கண்டு நிறுத்திவிட்டால் கணக்கு என்றைக்கும் தீராது. 'ஆ'விலிருந்து 700 பேர் கொண்ட பிளாக்கை 'ஈ'க்கு மாற்றினால் 5,250, 4,950, 4,900, 4,900 என்று நான்கும் வரம்புக்குள் வந்துவிடும்.

எந்த பிளாக்கை எடுப்பது என்பதில்தான் சிக்கல். கடலோர வார்டின் பிளாக்குகள் சங்கிலிபோல் கோத்திருக்கும். நடுக்கண்ணியை எடுத்தால் வார்டு இரண்டு துண்டாகும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: மிச்சமுள்ள ஒரு பிளாக்கில் தொடங்கி, எல்லையைப் பகிரும் பிளாக்குகள் வழியாகவே மற்ற எல்லாவற்றையும் எட்ட முடிகிறதா என்று பார்த்தால் போதும். முனையில் மட்டும் தொட்டால் அது தொடர்ச்சி அல்ல. ஆற்றின் இரு கரைகள் வரைபடத்தில் ஒட்டியிருந்தாலும், பாலம் இல்லையென்றால் அந்தத் தொடர்பை நாமே அழித்துவிட வேண்டும்.

பிறகு வடிவம். பரப்பை 4π-ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால் வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.79 வரும். 2 கிலோமீட்டர் நீளமும் கால் கிலோமீட்டர் அகலமும் உள்ள கடலோரப் பட்டைக்கு 0.31 மட்டுமே. இது யாரும் செய்த சூழ்ச்சியல்ல, கரையின் இயல்பு. வளைந்து நெளியும் கழிமுகக் கரையை நுணுக்கமாக அளக்க அளக்க மதிப்பெண் இன்னும் இறங்கும். எனவே கடலோர வார்டின் எண்ணை உள்நாட்டு வார்டோடு ஒப்பிடாமல், அதே வார்டின் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஆயிரம் பேர் மட்டுமே உள்ள கிராம ஊராட்சி வார்டில் முழு பிளாக்கை நகர்த்துவது எடைக்கல் இல்லாமல் பாறாங்கல்லால் தராசை நேராக்குவது போன்றது. அங்கே தெருவாரியாக, வீட்டு எண் வாரியாகத்தான் பிரிக்க முடியும்.

அடுத்த முறை வார்டு வரைவு ஆட்சேபணைக்காக வெளியிடப்படும்போது, மக்கள்தொகை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, வேறு வார்டுக்குள் கால் வைக்காமல் நடந்து போக முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள்.