அறுபது கிலோமீட்டர் சாலையில் ஓர் ஆம்புலன்ஸ்

நேராகப் போகும் அறுபது கிலோமீட்டர் சாலை. அதில் ஓர் ஆம்புலன்ஸ் ஒரே வேகத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சாலையில் எங்கோ ஒரு விபத்து. அந்த இடம் எதுவாகவும் இருக்கலாம். எந்தக் கிலோமீட்டருக்கும் தனிச் சலுகை கிடையாது. அந்த நொடியில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடமும் அப்படித்தான். இரண்டுக்கும் இடையே சராசரியாக எத்தனை கிலோமீட்டர் இருக்கும்?

ஷெல்டன் ராஸ் எழுதிய நிகழ்தகவுப் பாடநூலைப் படித்தவர்களுக்கு இந்த ஆம்புலன்ஸ் பழக்கப்பட்டதுதான். மற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். சிலர் சாலையில் பாதி, முப்பது என்பார்கள். இன்னும் சிலர் கொஞ்சம் யோசித்து, பாதியில் பாதி, பதினைந்து என்பார்கள். இரண்டுமே சரியான பதில்கள்தான், ஆனால் வேறு கேள்விகளுக்கு. ஆம்புலன்ஸ் ஒரு கோடியில் நின்றுகொண்டிருந்தால் விபத்து வரையிலான தூரம் பூஜ்யத்திலிருந்து அறுபது வரை எதுவாகவும் இருக்கலாம்; சராசரி முப்பது. நட்டநடுவில் நின்றால் அது முப்பதைத் தாண்டவே தாண்டாது, சராசரி பதினைந்து. ஓடிக்கொண்டிருக்கும் ஆம்புலன்ஸ் சில நேரம் கோடிப் பக்கம், சில நேரம் நடுப் பக்கம் இருக்கும். ஆகவே விடை பதினைந்துக்கும் முப்பதுக்கும் நடுவே எங்கோ இருக்க வேண்டும். சரிபாதியான இருபத்திரண்டரையா என்றால், இல்லை. விடை இருபது. சாலையின் நீளம் எதுவானாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு.

கல்லூரியில் இதைத் தொகையீடு போட்டு நிறுவுவார்கள். ஆனால் கணக்கே போடாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். நேர்ச்சாலையை மறந்துவிட்டு, சுற்றளவு அறுபது கிலோமீட்டர் உள்ள ஒரு வட்டச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று புள்ளிகள் வையுங்கள். வட்டம் மூன்று துண்டுகளாகும். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே இந்தத் துண்டு பெரியது, அந்தத் துண்டு சிறியது என்று முன்கூட்டியே சொல்ல எந்தக் காரணமும் கிடையாது. ஒவ்வொரு முறை வைக்கும்போதும் நீளங்கள் மாறும், ஆனால் பல முறை வைத்துச் சராசரி எடுத்தால் மூன்றும் சமமாகத்தான் வரும். மொத்தம் அறுபது என்பதால் ஆளுக்கு இருபது.

இப்போது மூன்று புள்ளிகளில் ஒன்றில் வட்டத்தை வெட்டி நிமிர்த்துங்கள். கையில் அறுபது கிலோமீட்டர் நேர்ச்சாலை, அதன்மேல் மிச்சம் இரண்டு புள்ளிகள். ஒன்று ஆம்புலன்ஸ், மற்றது விபத்து. நடுத் துண்டுதான் நாம் தேடிய தூரம். அதன் சராசரி இருபது என்று வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

சரி, இருபத்திரண்டரை ஏன் வரவில்லை? ஆம்புலன்ஸ் கோடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் ஐம்பது. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி, சாலை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் அந்த இடத்துக்கான சராசரி கிடைக்கும்: 2,600-ஐ 120-ஆல் வகுக்க, ஏறக்குறைய 21.7. கோடியில் 30 ஆக இருந்தது, பத்தே கிலோமீட்டர் உள்ளே வந்ததும் எட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. இருபதாவது கிலோமீட்டரில் 16.7. அங்கிருந்து நடுவுக்குப் போனாலும் குறைவது ஏறக்குறைய 1.7தான். கோடியில் நிற்பதன் கெடுதல் கோடியை ஒட்டிய கொஞ்ச இடத்தில்தான் கடுமையாக இருக்கிறது. நடுப்பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நல்ல இடம். அதனால்தான் மொத்தச் சராசரி பதினைந்தின் பக்கம் சாய்கிறது.

சராசரி இருபது என்றதும், பெரும்பாலும் இருபதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று மனம் சொல்லும். அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு தாளில் சதுரம் வரையுங்கள். கீழ்ப்பக்கம் ஆம்புலன்ஸ் இருக்கும் கிலோமீட்டர், இடப்பக்கம் விபத்து நடந்த கிலோமீட்டர், இரண்டும் பூஜ்யம் முதல் அறுபது வரை. சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாத்தியம், எல்லாப் புள்ளிகளுக்கும் சம வாய்ப்பு. கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குப் போகும் மூலைவிட்டத்தில் இரண்டும் ஒரே இடம். அதைவிட்டு விலக விலகத் தூரம் கூடும். இருபதுக்கு மேல் தூரம் வரும் பகுதி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு முக்கோணங்களாக ஒதுங்கியிருக்கும். அவற்றை ஒட்டினால் நாற்பதுக்கு நாற்பது சதுரம்: 3,600-இல் 1,600, அதாவது ஒன்பதில் நான்கு பங்கு. ஆக, இருபதைவிடக் குறைவாக வரும் வாய்ப்பே அதிகம், ஒன்பதில் ஐந்து. முப்பதைத் தாண்டுவது நான்கில் ஒரு முறை; நாற்பதைத் தாண்டுவது ஒன்பதில் ஒரு முறை. பாதி விபத்துகள் ஏறத்தாழ 17.6 கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். எண்ணிக்கையில் குறைவான நீண்ட ஓட்டங்கள்தான் சராசரியை இருபதுக்கு இழுத்துச் செல்கின்றன.

நம்பிக்கை வராதவர்கள் தெருவோரம் நின்று சோதிக்கலாம். போகிற வண்டிகளின் பதிவெண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 47 என்றால் 3. 90 என்றால் 9. 55 என்றால் பூஜ்யம். பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து இலக்கங்கள், ஆகவே இது பத்துப் படிகள் கொண்ட குட்டிச் சாலை. நூறு ஜோடிகளின் வித்தியாசங்களையும் கூட்டினால் 330, சராசரி 3.3. பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு மயிரிழை குறைவு, ஏனென்றால் இங்கே புள்ளிகள் தனித்தனிப் படிகளில் நிற்கின்றன. ஐம்பது வண்டிகளுக்குக் கணக்கிட்டால் பெரும்பாலும் 2.6-க்கும் 4-க்கும் இடையே வரும். திரும்பத் திரும்ப அதற்கு வெளியே வந்தால் கணிதத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ராசி எண் பார்த்துப் பணம் கட்டி வாங்கியவர்கள் அந்தத் தெருவில் அதிகமா என்று பாருங்கள்.

அந்தச் சந்தேகம் ஆம்புலன்ஸுக்கும் பொருந்தும். மூன்றில் ஒரு பங்கு என்பது இரண்டு நிபந்தனைகளில் நிற்கிறது: இரண்டு புள்ளிகளுக்கும் எல்லா இடமும் சமம், ஒன்று இருக்கும் இடம் மற்றதைப் பாதிக்காது. நிஜச் சாலையில் விபத்துகள் வளைவிலும் சந்திப்பிலும் குவியும். ஆம்புலன்ஸும் அந்தச் சந்திப்பின் பக்கமே சுற்றினால் தூரம் சுருங்கும். ஓட்டுநரின் பழக்கமும் விடையை மாற்றிவிடும். இரு கோடிகளிலும் பேருந்து நிலையம் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்ததும் இறங்கித் தேநீர் குடிக்கிறார், மொத்த நேரத்தில் பாதி இப்படி நிற்பதிலேயே போகிறது என்று கொள்வோம். நிற்கும் பாதிக்குச் சராசரி முப்பது, ஓடும் பாதிக்கு இருபது, சேர்த்தால் இருபத்தைந்து. தேநீர்க் கடையை முப்பதாவது கிலோமீட்டருக்கு மாற்றி, நிற்கிற நேரத்தையெல்லாம் அங்கேயே கழித்தால் பதினேழரை. ஓடுவதையே விட்டுவிட்டு நாள் முழுக்க அந்தக் கடை வாசலிலேயே வண்டியைப் போட்டிருந்தால் பதினைந்து, டீசலும் மிச்சம்.