மனுவில் எந்தத் தமிழ்?

தந்தை இறந்த பின் வாரிசுச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியருக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். நாலு வரிதான். ஆனால் ‘மரணம்’ என்பதா, ‘இறப்பு’ என்பதா? ‘வாரிசு’ தமிழ்ச்சொல் இல்லையே, மாற்ற வேண்டாமா? எழுத உட்காரும் பலரையும் இக்கேள்விகள் தடுமாற வைக்கின்றன.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தடுமாற்றத்துக்கு இடமில்லை. கடிதங்களில் பெயருக்கு முன் ‘மகாராஜராஜஸ்ரீ’ நின்றது. கூட்டத்துக்கு அக்கிராசனர் தலைமை வகித்தார், தேர்தலில் அபேட்சகர் நின்றார். 1916 வாக்கில் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், தமிழை ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டமும் இந்நிலையை மாற்றின. ஸ்ரீ இருந்த இடத்தில் திரு வந்தது. அக்கிராசனர் தலைவரானார், அபேட்சகர் வேட்பாளரானார், காரியதரிசி செயலாளரானார். இவை இன்று நிலைத்துவிட்ட சொற்கள். இவற்றுக்குப் பழைய வடசொல்லை எழுதினால் படிப்பவருக்குப் பொருளே விளங்காது.

எல்லாச் சொல்லும் இப்படி ஒரே பக்கம் சாய்ந்துவிடவில்லை. மரணத்தையும் இறப்பையும் பாருங்கள். இன்று தரப்படுவது இறப்புச் சான்றிதழ். ஒரு காலத்தில் ‘ஜனன மரண’ப் பதிவு என்று இருந்தது, இன்று பிறப்பு இறப்புப் பதிவு. ஆனால் சாகும் தறுவாயில் ஒருவர் சொன்னதை நீதிமன்றம் மரண வாக்குமூலம் என்றே குறிக்கிறது. மரண தண்டனையும் அப்படியே. அங்கே ‘இறப்பு வாக்குமூலம்’ என்று எழுதினால் சட்டத்தில் பொருள் வரையறுக்கப்பட்ட ஒரு சொல் பொதுச்சொல்லாகிவிடும். எந்தத் துறைக்கு எழுதுகிறோமோ, அத்துறையில் அந்தத் தொடர் எப்படி நிலைத்திருக்கிறது என்பதே முதல் கேள்வி.

வாரிசும் நகலும் வடசொற்கள் அல்ல, அரபியிலிருந்து வந்தவை. தனித்தமிழில் எழுத விரும்புபவர் வாரிசை ‘மரபுரிமையர்’ என்றும் நகலைப் ‘படி’ என்றும் மாற்றலாம். ஆனால் அலுவலகப் படிவத்திலும் வங்கியிலும் இருப்பது வாரிசுதான். விண்ணப்பத்தில் வேறு சொல் இருந்தால், கேட்பது அதே சான்றிதழா என்று எழுத்தர் ஐயப்பட இடமுண்டு. படி என்பதற்கோ அளவு, மாடிப்படி, ‘அதன்படி’ என்று பல பொருள்கள். நகலுக்கு ஒரே பொருள். ‘விண்ணப்பம்’ தூய தமிழ்போல் ஒலித்தாலும் அதன் வேர் வடமொழியில்தான். கிரந்த எழுத்து இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே ஒலியை வைத்துச் சொற்களைக் களையெடுக்கப் புறப்பட்டால் குழப்பமே மிஞ்சும்.

இப்போது அந்த விண்ணப்பத்துக்கு வருவோம். ஒருவர் இப்படி எழுதுகிறார்: ‘எனது பிதா தேகவியோகமடைந்த விஷயத்தைத் தங்கள் சமூகத்தில் சமர்ப்பித்து, வாரிசுச் சான்றிதழ் அனுக்கிரகிக்கப் பிரார்த்திக்கிறேன்.’ இன்னொருவர் எழுதுவது: ‘எந்தையார் இயற்கை எய்தினமையின், அன்னாரின் மரபுரிமையர்க்குச் சான்றிதழ் ஈந்தருள வேண்டுவல்.’ முன்னது பழைய ஜமீன் கடிதம், பின்னது மேடைப்பேச்சு. என்று இறந்தார், வாரிசுகள் யார் யார் என்ற அலுவலருக்கு வேண்டிய செய்தி இரண்டிலும் இல்லை.

எழுத வேண்டியது இது: ‘என் தந்தை 12.03.2024 அன்று காலமானார். என் தாயும் நானும் என் தங்கையும் அவருடைய வாரிசுகள். எங்களுக்கு வாரிசுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.’ காலமானார் என்பதில் உள்ள ‘காலம்’ வடசொல், வாரிசும் நகலும் அரபி. ஆனால் வினைகளைப் பாருங்கள்: வழங்குமாறு, கேட்டுக்கொள்கிறேன், இணைத்துள்ளேன். சமர்ப்பித்து, பிரார்த்தித்து என்பவை போன இடத்தில் இவை நிற்பதால்தான் வாக்கியம் தெளிகிறது. கலைச்சொல்லில் நமக்கு உரிமை குறைவு. வினையிலும் இணைப்புச் சொல்லிலும் முழு உரிமை உண்டு, அங்கே தமிழையே ஆளலாம். ‘சட்டப்பூர்வமாக’ என்பதைவிடச் ‘சட்டப்படி’ சுருக்கம், ‘சகல’ என்பதைவிட ‘எல்லா’ இயல்பு.

நிலைத்த சொல் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவில் குடியரசுத் தலைவர், இலங்கையில் ஜனாதிபதி. இங்கே மருத்துவமனை, அங்கே வைத்தியசாலை. இங்கே வளர்ச்சி, அங்கே அபிவிருத்தி. யாழ்ப்பாணத்து அலுவலகத்துக்கு எழுதும்போது அங்குள்ள பெயர்ப்பலகையில் இருக்கும் சொல்லை எழுதுவதுதான் முறை. அதனால் அவர்கள் தமிழ் நம் தமிழைவிடக் குறைந்துவிடாது.

அடுத்த முறை எழுதுமுன் அந்த அலுவலகத்தின் படிவத்தை ஒருமுறை படியுங்கள். அதிலுள்ள துறைச்சொற்களை மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம், படித்த ஒருவரிடம் மரியாதையோடு பேசும் தமிழில் எழுதுங்கள்.